ஆஃபர் லெட்டரில் ‘முதற்கட்டப் பணியிடம்’ என்று இருந்தது, நான் கவனிக்கவில்லை

அப்பாவுக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. மெஷினில் இருப்பது நாலு மணி நேரம்தான். போக வர ஆகும் நேரம், ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும் வரை பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரம் எல்லாம் சேர்த்தால் ஆறு மணி நேரம் போய்விடும். பழைய அலுவலகம் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் இருந்தது. புதிய கம்பெனியின் அலுவலகம் டயாலிசிஸ் சென்டரிலிருந்து இருபது நிமிடம். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. எட்டு வருடம் இருந்த வேலையை நான் விட்டதற்கு அந்த இருபது நிமிடம்தான் காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எனக்கு ஏன் அவ்வளவு வலித்தது என்று அப்போதுதான் புரியும்.

ரெக்ரூட்டரிடம் பணியிடத்தைப் பற்றி மூன்று முறை கேட்டேன். முதல் போனில், இன்டர்வியூ முடிந்தபோது, சம்பளம் பேசி முடித்தபோது. மூன்று முறையும் ஒரே பதில்: “லொகேஷன் இங்கேதான் மேடம், அதுல சந்தேகமே வேண்டாம்.” அவர் தெரிந்தே பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தக் காலியிடம் எங்கள் ஊர் அலுவலகத்தில்தான் இருந்தது, அவர் அதைச் சொன்னார். நான் கேட்ட கேள்விதான் தவறு. ‘வேலை எங்கே?’ என்று கேட்டேன். ‘ஆஃபர் லெட்டரில் பணியிடம் பற்றியும் டிரான்ஸ்ஃபர் பற்றியும் என்ன வாசகம் வரும்? அதை எனக்கு அனுப்ப முடியுமா?’ என்று கேட்டிருக்க வேண்டும். முதல் கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் போதும். இரண்டாவது கேள்விக்குக் காகிதத்தைக் காட்டியாக வேண்டும்.

ஆஃபர் லெட்டர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை லிங்காக வந்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அதில் இருந்தது. மொத்தம் ஆறு பக்கம். முதல் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை: பதவி, சம்பளம், சேரும் தேதி, பணியிடம். பணியிடத்துக்கு நேராக எங்கள் ஊரின் பெயர் இருந்தது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. சம்பளப் பிரிவை மட்டும் இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, போனிலேயே விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். நாலாம் பக்கத்தில் இருந்த ஒன்பதாவது பிரிவை அன்று நான் படிக்கவே இல்லை. ஐந்து மாதம் கழித்து மனிதவளத் துறை அதிகாரி என் முன்னால் விரித்து வைத்தபோதுதான் படித்தேன்.

அந்தப் பிரிவைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “உங்கள் முதற்கட்டப் பணியிடம் மேலே குறிப்பிட்டபடி இருக்கும். நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து, தற்போது உள்ள அல்லது இனி அமையவிருக்கும் எந்த அலுவலகத்துக்கும், எந்தப் பிரிவுக்கும், குழுமத்தைச் சேர்ந்த எந்த நிறுவனத்துக்கும் உங்களை மாற்ற நிறுவனத்துக்கு முழு உரிமை உண்டு. அவ்வாறு மாற்றப்படும்போது அந்த இடத்தின் விதிமுறைகள் உங்களுக்குப் பொருந்தும்.”

இதில் ஒவ்வொரு துண்டுக்கும் தனி வேலை இருக்கிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ‘முதற்கட்ட’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலத்தில் ‘இனிஷியல்’ என்று இருக்கும், சில கடிதங்களில் ‘கரன்ட்லி’ என்றோ ‘ஃபார் தி டைம் பீயிங்’ என்றோ வரும். முதல் பக்க அட்டவணையில் ஊர் பெயர் எவ்வளவு பெரிதாக அச்சாகியிருந்தாலும், இந்த ஒரு சொல் அதைச் சேரும் நாளுக்கு மட்டுமான தகவலாக ஆக்கிவிடுகிறது. அடுத்தது ‘இனி அமையவிருக்கும்’. இன்றைக்கு அந்தக் கம்பெனிக்கு இரண்டே அலுவலகம் இருக்கலாம், ‘மாற்றினாலும் இந்த இரண்டில் ஒன்றுதானே’ என்று கணக்குப் போட இடமில்லை. ‘குழுமத்தைச் சேர்ந்த எந்த நிறுவனம்’ என்பது ஊரை மட்டும் குறிப்பதில்லை, உங்களுக்கு வேலை கொடுப்பவரே மாறலாம் என்று அர்த்தம். அப்படி மாறினால் இதுவரை பார்த்த சர்வீஸ் தொடருமா, புரொபேஷன் மறுபடி ஆரம்பிக்குமா என்ற கேள்விகள் வரும். கடைசி வாக்கியம் சம்பளத்தைத் தொடுகிறது. ஊருக்கு ஏற்ற அலவன்ஸ் என்று ஏதாவது இருந்தால் அது குறையலாம்.

இதில் இல்லாதவற்றையும் பார்க்க வேண்டும். எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள் என்று இல்லை. வீடு மாற்றும் செலவு யாருடையது என்று இல்லை. என் சம்மதம் வேண்டுமா என்று இல்லை. போக முடியாது என்றால் என்ன ஆகும் என்று இல்லை. ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்ட இடமெல்லாம் நடைமுறையில் கம்பெனியின் இஷ்டம்தான் என்பதை நான் அனுபவித்துத் தெரிந்துகொண்டேன்.

சேர்ந்து ஐந்தாவது மாதம், ஒரு புதன்கிழமை காலை மெயில் வந்தது. எங்கள் டீமைத் தலைமை அலுவலகத்தோடு சேர்க்கிறார்கள், அடுத்த மாதம் முதல் தேதி அங்கே வந்து சேர வேண்டும். நடுவில் பதினாறு நாள். தலைமை அலுவலகம் அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. மெயிலைப் படித்ததும் கை நடுங்கியது. மறுநாள் வியாழன், அப்பாவின் டயாலிசிஸ் நாள். மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர்தான், “என் கையில எதுவும் இல்லம்மா, என்னையும் சேர்த்துத்தான் மாத்தியிருக்காங்க” என்றார். மனிதவளத் துறையில் ஒரு மீட்டிங் கேட்டேன். அந்த அதிகாரி என் ஆஃபர் லெட்டரை அச்செடுத்து, ஒன்பதாவது பிரிவில் மஞ்சள் கோடு போட்டுத் தயாராக வைத்திருந்தார். ரெக்ரூட்டர் மூன்று முறை உறுதி சொன்னாரே என்றேன். அவர் எதுவும் பேசாமல் ஆறாம் பக்கத்தைத் திருப்பி, பதினேழாவது பிரிவைக் காட்டினார். “இந்தக் கடிதமே முழுமையான ஒப்பந்தம். இதற்கு முன் வாய்மொழியாகவோ எழுத்திலோ தரப்பட்ட எல்லா உறுதிகளும் இதனால் நீங்குகின்றன” என்று அதில் இருந்தது. என் கையெழுத்து அந்தப் பக்கத்தின் கீழேயே இருந்தது.

இந்தப் பதினேழாவது பிரிவு மாதிரி ஒன்று பெரும்பாலான ஆஃபர் லெட்டர்களில் இருக்கும், ‘என்டயர் அக்ரிமென்ட்’ என்ற தலைப்பில். இதைப் புரிந்துகொள்ளாமல் பலர், ‘ரெக்ரூட்டர் எனக்கு மெயிலிலேயே சொல்லியிருக்கிறார், அதைச் சேமித்து வைத்திருக்கிறேன்’ என்று தைரியமாக இருக்கிறார்கள். கையெழுத்துக்கு முன்னால் வந்த மெயிலையும் சேர்த்தே அந்தப் பிரிவு நீக்கிவிடுகிறது. அந்த மெயிலுக்கு நீதிமன்றத்தில் ஏதாவது மதிப்பு இருக்குமா என்பது நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு மாறும். பதினாறு நாளில் ஊர் மாற வேண்டிய ஒருவருக்கு அதற்கெல்லாம் நேரமும் இல்லை, தெம்பும் இல்லை. அதனால் கேட்டு வாங்குவது கடிதத்துக்கு உள்ளேயே வர வேண்டும். இல்லையென்றால் அந்த மெயில் இந்த ஒப்பந்தத்தின் ஒரு பகுதி என்று கடிதம் சொல்ல வேண்டும்.

நான் போய்த்தான் பார்த்தேன். அங்கே ஒரு அறை எடுத்தேன், வெள்ளி இரவு ரயிலில் கிளம்பி சனிக்கிழமை அப்பாவை அழைத்துப் போய், ஞாயிறு இரவு திரும்பினேன். செவ்வாயும் வியாழனும் பக்கத்து வீட்டு அண்ணன் அழைத்துப் போனார். நாலாவது வாரம் அவருக்கு வேறு வேலை வந்துவிட, அப்பா என்னிடம் சொல்லாமலே வியாழக்கிழமை போகாமல் இருந்துவிட்டார். சனிக்கிழமை காலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது படுக்க முடியாமல் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், கால் இரண்டும் வீங்கியிருந்தது. சென்டரில் சேர்த்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ராஜினாமா மெயிலைப் போனிலேயே எழுதினேன். இதை எழுதும்போதும் அந்தக் கோபம் எனக்குத் தணியவில்லை. முப்பது நிமிடம் ஒதுக்கி ஆறு பக்கத்தைப் படித்திருந்தால், நான் அந்த வேலைக்கே போயிருக்க மாட்டேன்.

பணக் கணக்கையும் சொல்கிறேன். சேரும்போது ஒரு மாதச் சம்பளம் ஜாயினிங் போனஸாகக் கொடுத்திருந்தார்கள், பன்னிரண்டு மாதத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு. வரி பிடித்தது போக மீதிதான் என் கைக்கு வந்தது, ஆனால் அவர்கள் பிடித்தது வரிக்கு முந்தைய முழுத் தொகை. கைக்கே வராத பணத்தையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்தேன். நோட்டீஸ் அறுபது நாள். அதையும் புதிய இடத்தில்தான் முடிக்க வேண்டும் என்றார்கள். முப்பது நாளில் விடுவித்து, மீதி முப்பது நாளுக்கு இன்னொரு மாதச் சம்பளத்தைக் கழித்தார்கள். அறை வாடகை, அட்வான்ஸில் பிடித்தது, ரயில் செலவு எல்லாம் அரை மாதச் சம்பளம். அடுத்த வேலை கிடைக்க இரண்டு மாதம். ஆக மொத்தம் நாலரை மாதச் சம்பளம் போனது. டிரான்ஸ்ஃபர் பிரிவைத் தனியாகப் படித்தால் இந்தக் கணக்கு தெரியாது. டிரான்ஸ்ஃபர், ஜாயினிங் போனஸ், நோட்டீஸ் மூன்றும் கடிதத்தில் வேறு வேறு பக்கத்தில் இருந்தாலும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். கம்பெனி ஊரை மாற்றுகிறது, நம்மால் போக முடியவில்லை, விலகுகிறோம், உடனே அது ‘நாமாக விலகியது’ ஆகிவிடுகிறது, போனஸும் நோட்டீஸ் பணமும் நம் தலையில் விழுகிறது. அதனால் இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

அடுத்த முறை வேலை தேடியபோது இரண்டு இடத்திலிருந்து ஆஃபர் வந்தது. இரண்டிலும் வாசகத்தைக் கேட்டேன். எப்போது கேட்பது என்பதில் நான் கொஞ்சம் யோசித்தேன். இன்டர்வியூவின் நடுவில் கேட்டால் அவர்களுக்கு நம்மேல் இன்னும் அக்கறை வந்திருக்காது. கையெழுத்துப் போட்ட பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். சம்பளம் பேசி முடித்து, ‘ஆஃபர் தயாராகிறது’ என்று சொல்லும் அந்த இரண்டு மூன்று நாள்தான் சரியான நேரம். அப்போது அவர்கள் தேடலை முடித்துவிட்டார்கள், நம்மை இழந்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இப்போது வேலையில் இருப்பவர்கள் என்றால், இது முடியும் வரை பழைய இடத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டால் பேரம் பேச நம்மிடம் எதுவும் இருக்காது, அது ரெக்ரூட்டருக்கும் தெரியும்.

இரண்டு கம்பெனிக்கும் நான் எழுதிய மெயில் சின்னதுதான். தமிழில் இப்படி வரும்: “வணக்கம். ஆஃபருக்கு நன்றி, சேர ஆவலாக இருக்கிறேன். கடிதம் இறுதியாகும் முன் ஒரு விஷயம். குடும்பத்தில் ஒருவரின் தொடர் சிகிச்சை காரணமாக இந்த ஊரில் இருப்பது எனக்குக் கட்டாயம். எனவே பணியிடம், டிரான்ஸ்ஃபர், குழும நிறுவனங்களுக்கு மாற்றுதல், போனஸைத் திரும்பப் பெறுதல் ஆகிய பிரிவுகளின் வாசகத்தையும், கடிதத்தில் குறிப்பிடப்படும் பாலிசிகளின் பிரதியையும் கையெழுத்துக்கு முன் அனுப்ப முடியுமா? சேரும் நாளில் தனியாக அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் தருவீர்கள் என்றால் அதன் மாதிரியும் வேண்டும்.” காரணத்தை ஒரே வரியில் நிறுத்திக்கொண்டேன். யாருக்கு என்ன நோய் என்று விவரிக்கத் தேவையில்லை, காரணம் எதுவாக இருந்தாலும் ‘கட்டாயம்’ என்ற சொல் போதும்.

அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் பற்றிய கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். சில இடங்களில் ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம்தான் இருக்கும், டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லே அதில் இருக்காது. ‘மற்ற நிபந்தனைகள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின்படி’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஆர்டரை, பழைய வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த முதல் நாள் காலையில், அடையாள அட்டைக்குப் போட்டோ எடுக்கும் நேரத்தில் கையில் கொடுப்பார்கள். அன்றைக்கு யாரால் மறுக்க முடியும்?

முதல் கம்பெனிக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவர் ஒரு ஏஜென்சியைச் சேர்ந்தவர். அவர் உடனே பதில் எழுதினார், “லொகேஷன் உறுதி, கவலை வேண்டாம்” என்று. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏஜென்சி ஆளுக்குக் கம்பெனியின் சார்பில் உறுதி கொடுக்கும் அதிகாரம் பொதுவாக இருக்காது. கம்பெனியின் மெயில் முகவரியிலிருந்து, மனிதவளத் துறையில் கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரிடமிருந்து வர வேண்டும். அப்படிக் கேட்டதும் நாலு நாள் மௌனம். அப்புறம் போன் வந்தது. “மேடம், இது ஸ்டாண்டர்ட் டெம்ப்ளேட். லீகல் டீம் யாருக்கும் மாத்த மாட்டாங்க.” சரி, மாற்ற வேண்டாம், தனியாக ஒரு இணைப்புக் கடிதம் தர முடியுமா என்றேன். முடியாது. கடந்த இரண்டு வருடத்தில் இந்த அலுவலகத்திலிருந்து எத்தனை பேரை வேறு ஊருக்கு மாற்றினார்கள் என்று கேட்டேன். அதற்கும் நேரான பதில் வரவில்லை, “தேவைப்பட்டா மாத்துவாங்க, எல்லா கம்பெனியிலயும் அப்படித்தானே” என்றார். நான் வேலை இல்லாமல் இருந்த ஏழாவது வாரம் அது. ஒரு இரவு முழுக்கத் தூங்காமல் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று எழுதினேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் வாசகம் மாறாவிட்டாலும் கேட்டது வீணாகவில்லை. அந்த ஆஃபருக்கு உண்மையான மதிப்பு எவ்வளவு என்று சேரும் முன்பே தெரிந்துவிட்டது.

இரண்டாவது கம்பெனியின் ரெக்ரூட்டர் அவர்களுடைய ஊழியர். அவரும் முதலில் டெம்ப்ளேட் என்றுதான் ஆரம்பித்தார். ஆனால் வாசகத்தை அனுப்பினார், என் பழைய கடிதத்தைப் போலவே இருந்தது, அங்கே அது பதினோராவது பிரிவு. நான் அந்தப் பிரிவை நீக்கச் சொல்லவில்லை. இது முக்கியம் என்று நினைக்கிறேன். பிரிவை நீக்கு என்றால் சட்டக் குழு வரை போக வேண்டும், அங்கே அது மாட்டிக்கொள்ளும். பிரிவு அப்படியே இருக்கட்டும், கடைசியில் ‘சிறப்பு நிபந்தனைகள்’ என்று நாலு வரி சேருங்கள் என்றேன். அதை ரெக்ரூட்டரால் தன் மேலதிகாரியிடம் எடுத்துப் போய்ப் பேச முடிந்தது. வேண்டிய வரிகளை நானே எழுதியும் கொடுத்தேன். வெறுமனே ‘எனக்குப் பாதுகாப்பு வேண்டும்’ என்று கேட்டால், அதை யார் எழுதுவது என்பதிலேயே ஒரு வாரம் ஓடிவிடும்.

நான் கேட்டது இருபத்து நாலு மாதம் மாற்றக் கூடாது, அதன் பிறகும் தொண்ணூறு நாள் முன்னறிவிப்பு, வீடு மாற்றும் செலவு முழுவதும் அவர்களுடையது. மூன்று போன், ஐந்து மெயிலுக்குப் பிறகு கிடைத்தது இது: “பணியாளரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் இல்லாமல், சேர்ந்த நாளிலிருந்து 18 மாதங்களுக்கு அவர் வேறு ஊருக்கு மாற்றப்பட மாட்டார். அதன் பின் மாற்றம் தேவைப்பட்டால் 60 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்கப்படும். பணியாளர் அதை ஏற்காவிட்டால், நோட்டீஸ் காலம் முடியும் வரை தற்போதைய ஊரிலேயே பணிபுரியலாம், ஜாயினிங் போனஸ் திரும்பப் பெறப்படாது. வீடு மாற்றும் செலவு, பணியில் சேரும் நாளில் நடைமுறையில் உள்ள பாலிசிப்படி வழங்கப்படும். 11-ஆம் பிரிவுக்கும் இந்த நிபந்தனைகளுக்கும் முரண்பாடு எழுந்தால் இந்த நிபந்தனைகளே செல்லும்.”

முதல் வரைவில் கடைசி வாக்கியம் இல்லை. அது இல்லாமல் கையெழுத்துப் போட்டிருந்தால், ஒரே கடிதத்தில் பதினோராவது பிரிவு ஒன்று சொல்லும், சிறப்பு நிபந்தனை வேறு ஒன்று சொல்லும், எது செல்லும் என்று நான் வாதாடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதைச் சேர்க்கச் சொன்னபோது ரெக்ரூட்டர், “அதான் எழுதிட்டோமே மேடம், இது எதுக்கு?” என்றார். பழைய கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்துவிட்டு, “சரி, நான் கேட்டுப் பார்க்கிறேன்” என்றார். மறுநாள் வந்துவிட்டது. பாலிசி பற்றிய வரியிலும் ‘சேரும் நாளில் நடைமுறையில் உள்ள’ என்பதை நான்தான் போடச் சொன்னேன். பாலிசியைக் கம்பெனி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், வெறும் ‘பாலிசிப்படி’ என்று இருந்தால் நாளைக்கு அந்தப் பாலிசியே இல்லாமல் போகலாம். அன்றைய பாலிசியின் பிரதியைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.

போனில் பேசிய ஒவ்வொரு முறையும், அன்று மாலைக்குள் ‘இன்று நாம் பேசியபடி’ என்று ஆரம்பித்து மூன்று வரி மெயில் அனுப்பினேன். அந்த மெயில் ஒப்பந்தத்தை மாற்றாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த வரைவில் பேசியது விட்டுப்போனால் அதைச் சுட்டிக்காட்ட ஒரு பிடி இருக்கும். ஒருமுறை அப்படியே ஆனது. இறுதிக் கடிதம் லிங்காக வந்தபோது பழைய டெம்ப்ளேட்டே வந்திருந்தது, சிறப்பு நிபந்தனைகள் இல்லை. ஒப்புக்கொண்ட வரைவு மெயிலில் இருந்ததால், ‘இந்த இணைப்பு விட்டுப்போயிருக்கிறது’ என்று ஒரே வரியில் எழுத முடிந்தது. நாற்பத்தெட்டு மணி நேரக் கெடுவையும் நீட்டிக்கச் சொன்னேன், கேட்டதும் நீட்டித்தார்கள். என்னை ஊர் மாற்றிய அந்தக் கம்பெனியில் இதே கெடுவைப் பார்த்து நான் எவ்வளவு பதறினேன் என்று நினைத்தால் இப்போது வருத்தமாக இருக்கிறது. கையெழுத்தான பிரதியை உடனே இறக்கிச் சொந்த மெயிலுக்கு அனுப்பிக்கொண்டேன். வேலையை விட்ட பிறகு கம்பெனி போர்ட்டலுக்குள் நுழைய முடியாது என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டேன்.

இதெல்லாம் எல்லோருக்கும் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கும், ஒரே நேரத்தில் நூறு பேரை எடுக்கும் இடங்களிலும் யாரும் தனியாக நாலு வரி எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அங்கேயும் வாசகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம், போனஸ் நிபந்தனையை மட்டுமாவது ‘கம்பெனி இடம் மாற்றியதால் விலகினால் பொருந்தாது’ என்று மாற்றக் கேட்கலாம். மூன்றில் எளிதாக ஒப்புக்கொள்வது அதுதான், ஏனென்றால் அதைக் கொடுப்பதால் அவர்களுடைய டிரான்ஸ்ஃபர் உரிமை எதுவும் குறைவதில்லை. கம்பெனி அந்த ஊர் அலுவலகத்தையே மூடிவிட்டால் என் பதினெட்டு மாதமும் இருபது நிமிடத்தைக் காப்பாற்றாது. அப்படி நடந்தால் போனஸைப் பிடிக்காமல், என் ஊரிலேயே நோட்டீஸை முடித்து வெளியே வர முடியும், அவ்வளவுதான்.

இப்போது சேர்ந்து பதினோரு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு மெயில் வந்தது. எங்கள் அலுவலகத்தை ஊரின் மறுகோடியில் புதிய கட்டடத்துக்கு மாற்றுகிறார்கள், டயாலிசிஸ் சென்டரிலிருந்து இருபத்திரண்டு கிலோமீட்டர். என் நிபந்தனையில் ‘வேறு ஊருக்கு’ என்றுதான் எழுதியிருக்கிறது, இது அதே ஊர். ஊரின் பெயரை எழுதினால் போதும் என்று நினைத்துவிட்டேன், கட்டடத்தின் முகவரியையோ ‘இங்கிருந்து இத்தனை கிலோமீட்டருக்குள்’ என்பதையோ கேட்கத் தோன்றவில்லை. மேனேஜரிடம் பேசி செவ்வாயும் வியாழனும் மதியத்துக்கு மேல் வீட்டிலிருந்து வேலை பார்க்க ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். அதை எழுத்தில் கேட்டு நேற்று மெயில் அனுப்பினேன், பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.